8 சதவீதம் என்று வாங்கிய பாண்டு 5.37 தந்தது: முதிர்வுக்கு முன் விற்றால் யீல்டை எப்படிப் பார்ப்பது?

வரவுசெலவு, மார்ச் 3, இரவு 9.40

பத்து வருடப் பாண்டு ஒன்று வாங்கியிருந்தேன். முகமதிப்பு 1,000, ஆண்டுக்கு ஒருமுறை 8 சதவீத வட்டி, அதாவது கூப்பன். முகமதிப்புக்கே வாங்கியதால், முதிர்வு வரை வைத்திருந்தால் கிடைக்கும் யீல்டான ஒய்.டி.எம்.மும் 8. வாங்கும்போது என் மனதில் இருந்த எண் அது ஒன்றுதான்.

நான்கு வருடம் முடிந்து, நாலாவது கூப்பனும் வந்த பிறகு, பணம் தேவைப்பட்டு விற்றுவிட்டேன். அதற்குள் சந்தையில் யீல்டு 10-க்கு ஏறியிருந்தது. ஒரு பாண்டுக்கு 912.89 கிடைத்தது. கூப்பன் நான்கும் சேர்த்து 320. ஆக 1,000 போட்டதற்கு 1,232.89. நான்கு வருடத்துக்குக் கூட்டு வட்டியில் பார்த்தால் ஆண்டுக்கு 5.37 சதவீதம்.

பாண்டு வெளியிட்டவர் ஒரு கூப்பனைக்கூடத் தாமதிக்கவில்லை. அப்படியிருந்தும் 8 எங்கே, 5.37 எங்கே? விலையில்தான் எல்லாம் போயிற்று என்று நினைக்கிறேன். சரியா?

மழைக்காகம், மார்ச் 3, இரவு 10.15

யீல்டு ஏறினால் பாண்டு வைத்திருப்பவருக்கு நட்டம் என்பது பாதிக் கதைதான். விலை இறங்கும், ஆனால் வருகிற கூப்பனை அதே ஏறிய வட்டியில் போடலாம். ஒன்று இறங்க ஒன்று ஏறி, கடைசியில் வாங்கிய ஒய்.டி.எம். கைக்கு வந்துவிடும். கூப்பன்களை நீங்கள் என்ன செய்தீர்கள்? அதைச் சொல்லவே இல்லையே.

வரவுசெலவு, மார்ச் 3, இரவு 11.05

ஒன்றும் செய்யவில்லை. வட்டியில்லாக் கணக்கில் அப்படியே கிடந்தன. முதல் கூப்பன் மூன்று வருடம் சும்மா இருந்திருக்கிறது. இப்போது கணக்கை எடுத்துப் பார்க்கும்போதுதான் உறைக்கிறது.

சரி, நீங்கள் சொன்னபடி போட்டுப் பார்த்தேன். வாங்கிய மறுநாளே யீல்டு 10-க்கு ஏறி, கூப்பன்கள் எல்லாம் 10-ல் வளர்ந்தன என்று வைத்தால் அவை 320-லிருந்து 371.28 ஆகின்றன. விற்ற விலை அதே 912.89. மொத்தம் 1,284.17, அதாவது ஆண்டுக்கு 6.45. முன்னதைவிட ஒரு சதவீதத்துக்கு மேல் கூடுகிறது, ஆனாலும் 8-ஐ எட்டவில்லை. எங்கே பிசகினேன்?

தராசு, மார்ச் 4, காலை 6.20

கணக்கில் பிசகு இல்லை. மழைக்காகம் சொன்னதில் ஒரு சொல் விட்டுப்போயிற்று: எப்போது விற்கிறீர்கள் என்பது. பாண்டு வாங்கி விற்கும் மேசையில் பல வருடம் உட்கார்ந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

யீல்டு 8-லிருந்து 10-க்கு ஏறிய அன்றே பத்து வருடப் பாண்டின் விலை 877.11-க்கு விழுந்துவிடும். ஒரே நாளில் 123 அளவுக்குப் பள்ளம். அதை நிரப்ப வருவது கூப்பன்மேல் கிடைக்கும் கூடுதல் வட்டியும், முதிர்வு நெருங்க நெருங்க விலை 1,000 நோக்கி ஊர்ந்து ஏறுவதும். பள்ளம் விழ ஒரு நாள், மண் வருவதோ கூடை கூடையாக.

நாலாம் வருட முடிவில், எல்லாம் 8-லேயே இருந்திருந்தால் உங்களிடம் 1,360.49 இருந்திருக்கும். 10-க்கு ஏறிய உலகில் 1,284.17. இன்னும் 76 குறை. ஏழாம் வருடம் வரை வைத்திருந்து விற்றால் 8-ன் உலகில் 1,713.82, 10-ன் உலகில் 1,709.24. குறை 5-க்குள். யீல்டு 7.96. பள்ளம் ஏறக்குறைய நிரம்பிவிட்டது.

ஏன் ஏழு? இந்தப் பாண்டின் டியூரேஷன், அதாவது அதன் பணம் திரும்பி வரச் சராசரியாக ஆகும் காலம், 7.25 வருடம், அதனால்தான். 1938-ல் பொருளியலாளர் ஃபிரெடரிக் மெக்காலே அந்த அளவை எழுதியபோது பாண்டின் ஆயுளை அளக்க நினைத்தார், விற்பவரின் நாளை அல்ல. ஆனால் விற்கும் நாள் டியூரேஷனை ஒட்டி வந்தால் விலையும் மறுமுதலீடும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். அதற்கு முன்னே விற்றால் விலைதான் ஆளும். பின்னே போனால் மறுமுதலீடு ஆளும்.

வரவுசெலவு, மார்ச் 4, மதியம் 1.30

இப்போது பிரித்துப் பார்க்க முடிகிறது. முதல் பதிவில் "விலையில்தான் எல்லாம் போயிற்று" என்று எழுதினேனே, அதைத் திருத்திக்கொள்கிறேன்.

கூப்பன்களை 8-லாவது போட்டிருந்தால் அவை 360.49. அதோடு 912.89 சேர்த்தால் 6.23 சதவீதம். ஆக 8-லிருந்து 6.23-க்கு இறங்கியது விலையால். 6.23-லிருந்து 5.37-க்கு இறங்கியது கூப்பனைத் தூங்கவிட்டதால். போனதில் மூன்றில் ஒரு பங்கு என் கையில் இருந்த விஷயம். சந்தை கேட்ட வட்டியில், 10-ல், போட்டிருந்தால் 6.45 என்பதால் உண்மையில் நான் விட்டது ஒரு சதவீதத்துக்கும் மேல்.

எக்செலில் இப்படி ஒரே வரியில் வருகிறது. முதல் சதவீதம் மறுமுதலீட்டு வட்டி, இரண்டாவது விற்கும் நாளில் சந்தை யீல்டு. 4 என்பது வைத்திருந்த வருடம், 6 என்பது மீதி வருடம்.

```
=((FV(10%,4,-80)+PV(10%,6,-80,-1000))/1000)^(1/4)-1
```

இரண்டு சதவீதத்தையும் தனித்தனிக் கட்டத்தில் வைத்து மாற்றிக்கொண்டே இருந்தேன். நேற்றிரவு தூக்கம் போனது இதனால்தான்.

புதுவரவு, மார்ச் 4, மாலை 5.10

எனக்கும் இதே மாதிரிப் பாண்டுதான். ஆனால் நான் கூப்பன் வந்ததும் வீட்டுச் செலவுக்கு எடுத்துவிடுவேன். மறுமுதலீடே கிடையாது. அப்படியானால் என் யீல்டும் 5.37 தானா? செலவு செய்ததற்கு இப்படித் தண்டனையா?

தராசு, மார்ச் 4, மாலை 6.45

இல்லை. கேள்வியே வேறு. செலவு செய்த பணம் உங்களுக்குப் பயன்பட்டுவிட்டது. அதை நாலு வருடம் பெட்டியில் கிடந்த பணமாக எண்ணக்கூடாது. 1,000 போனது, 80 நான்கு முறை வந்தது, கடைசியில் 912.89 வந்தது. இந்த வரவுகளின் உள் விகிதத்தை, அதாவது அவற்றின் இன்றைய மதிப்பைப் போட்ட 1,000-க்குச் சமமாக்கும் வட்டியை, கண்டுபிடித்தால் 6.01 சதவீதம். உங்கள் எண் அது.

வரவுசெலவு கேட்பது, நாலாம் வருட முடிவில் கையில் மொத்தம் எவ்வளவு திரளும் என்று. அதற்குத்தான் மறுமுதலீட்டு வட்டி தேவை. விற்கும் நாளில் ஒரு பெரிய தொகை வேண்டியவருக்கு அவருடைய கணக்கு. வருடா வருடம் எடுத்துச் செலவழிப்பவருக்கு உங்கள் கணக்கு.

வரவுசெலவு, மார்ச் 5, காலை 7.00

இங்கே ஒன்று கண்ணில் பட்டது. மறுமுதலீட்டை 6 என்று வைத்து, 10-ல் விற்றால் என் கட்டத்திலும் 6.01 வருகிறது. புதுவரவின் எண்ணும் 6.01. தற்செயலா என்று யோசித்தேன். இல்லை. பாண்டு தானாக 6.01 தருகிறது என்றால், கூப்பனையும் ஏறக்குறைய அதே 6-ல் வளர்த்தால் மொத்தம் மாறாது. 6-க்கு மேல் வளர்த்தால் மேலே இழுக்கும், கீழே வளர்த்தால் கீழே இழுக்கும். ஒய்.டி.எம்.மில் ஒளிந்திருக்கும் அனுமானமும் இதேதான்: ஒவ்வொரு கூப்பனும் அதே 8-ல் வளரும் என்பது. வாங்கும்போது இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வரவுசெலவு, மார்ச் 5, இரவு 8.50

நாலு வருடத்தில் விற்பதற்கு ஒன்பது நிலைகளையும் போட்டுவிட்டேன். இடப்பக்கம் கூப்பன் வளர்ந்த வட்டி, மேலே விற்கும் நாளின் யீல்டு.

```
          6%      8%     10%
 6%     9.70    7.79    6.01
 8%     9.90    8.00    6.23
10%    10.10    8.21    6.45
```

மேலிருந்து கீழே போனால் 0.4 தான் மாறுகிறது. இடமிருந்து வலம் போனால் மூன்றரைக்கு மேல். நாலு வருடத்தில் விற்கப்போகிறவருக்கு மறுமுதலீட்டைப் பற்றி எவ்வளவு கவலைப்பட்டாலும் அது சின்னக் கவலை. ஆட்டிப்படைப்பது விற்பனை விலை.

ஏழு வருடத்துக்குப் போட்டால் படம் மாறுகிறது. 8-ல் விற்று மறுமுதலீட்டை மட்டும் 6-லிருந்து 10-க்கு நகர்த்தினால் 7.61-லிருந்து 8.40. மறுமுதலீட்டை 8-ல் நிறுத்தி விற்கும் யீல்டை மட்டும் 6-லிருந்து 10-க்கு நகர்த்தினால் 8.47-லிருந்து 7.55. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பலம். தராசு சொன்னது இங்கே அப்படியே தெரிகிறது.

மழைக்காகம், மார்ச் 5, இரவு 9.30

அப்படியானால் நான் சொன்னது ஏழு வருடத்துக்குச் சரி. டியூரேஷனைப் பார்த்து, அந்த நாளில் விற்கிற மாதிரி வாங்கிவிட்டால் 8 உறுதி. கவலையே வேண்டாம்.

தராசு, மார்ச் 6, காலை 6.05

"உறுதி" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். நான் போட்ட கணக்கில் யீல்டு முதல் நாளே மாறி, பிறகு அங்கேயே நின்றது. நிஜத்தில் அப்படி நிற்காது.

ஆறே முக்கால் வருடம் யீல்டு 6-ல் கிடந்து, கூப்பன்கள் எல்லாம் 6-ல் வளர்ந்து, நீங்கள் விற்கிற வாரத்துக்குச் சற்று முன்னே 10-க்கு எகிறினால்? கூப்பன் திரட்டு 671.51, விலை 950.26, மொத்தம் 1,621.77. யீல்டு 7.15. விலையும் அடித்தது, மறுமுதலீடும் அடித்தது. ஒன்று இன்னொன்றுக்குக் கைகொடுக்கவில்லை. தலைகீழாக, 10-ல் வளர்ந்து 6-ல் விற்றால் 8.87. ஒரே பாண்டு, ஒரே டியூரேஷன், ஒரே ஏழு வருடம்.

எதனால் இப்படி? நாள் ஒன்று போனால் உங்கள் விற்பனை நாளும் ஒரு நாள் நெருங்குகிறது. டியூரேஷன் அவ்வளவு வேகமாகக் குறைவதில்லை. தொடக்கத்தில் டியூரேஷன் 7.25, விற்க மீதி 7 வருடம். நாலு வருடம் கழித்து, யீல்டு 8-லேயே இருந்தாலும், டியூரேஷன் 4.99, விற்க மீதி 3 வருடம். ஏழாம் வருட முடிவில் டியூரேஷன் 2.78, மீதி சுழியம். முதலில் பொருந்தி நின்றது, நீங்கள் எதுவும் செய்யாமலேயே இரண்டு வருடத்துக்கும் மேல் விலகிவிட்டது. கடைசிக் கட்டத்தில் நீங்கள் சுமப்பது முழுக்க விலை அபாயம்.

ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களுக்காகப் பிரிட்டிஷ் காப்பீட்டுக் கணிப்பாளர் ரெடிங்டன் 1952-ல் இந்தப் பொருத்தத்தை முன்வைத்தார். ஆனால் வாங்கிப் போட்டுவிட்டு உட்காரும் வேலை அல்ல அது. அவ்வப்போது கொஞ்சம் விற்று, குறுகிய பாண்டாக மாற்றி, டியூரேஷனை மீதி நாளோடு மறுபடி சேர்த்து வைக்க வேண்டும். கூப்பன் பணம் வரும்போதெல்லாம் அதைக் குறுகிய காலப் பாண்டில் போடுவது அதற்கு மலிவான வழி.

மழைக்காகம், மார்ச் 6, காலை 8.40

ஒப்புக்கொள்கிறேன். வருடா வருடம் மாறும் என்பதை நான் யோசிக்கவில்லை. ஒரு நாள் பொருத்திவிட்டால் எப்போதும் பொருந்தும் என்று நினைத்திருந்தேன்.

எட்டாம்படி, மார்ச் 6, மாலை 4.15

இரண்டு விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை.

முதலில், எல்லாரும் 8, 8 என்று போடுகிறீர்கள். நாலு வருடம் கழித்து விற்கும்போது அது பத்து வருடப் பாண்டு அல்ல, ஆறு வருடப் பாண்டு. அதற்கு ஆறு வருட யீல்டைத்தான் போட வேண்டும். சாதாரணமாகக் குறுகிய காலத்துக்கு யீல்டு குறைவாகவே இருக்கும். பத்து வருடம் 8, ஆறு வருடம் 7.4, கூப்பன்களைப் போடும் குறுகிய வட்டி 6 என்று வையுங்கள். நாலு வருடமும் எதுவும் மாறவே இல்லை. விலை 1,028.25, கூப்பன் திரட்டு 349.97, யீல்டு 8.35. மறுமுதலீடு 6-ல்தான், ஆனாலும் 8-க்கு மேல் வந்துவிட்டது. "எதுவும் மாறாவிட்டால் 8" என்பதே தவறான தொடக்கம்.

இரண்டாவது, தராசு காட்டிய 6-ல் வளர்ந்து 10-ல் விற்கும் நிலை. நாலு சதவீதப் புள்ளி கடைசி நேரத்தில் எகிறும் என்பது பயமுறுத்தும் கணக்கு. வளர்ந்த வட்டியும் விற்கும் யீல்டும் பெரும்பாலும் சேர்ந்தே நகரும். மூலைக் கட்டங்களுக்கு நடுக் கட்டங்களின் எடையைக் கொடுக்கக் கூடாது.

தராசு, மார்ச் 6, இரவு 7.30

முதல் விஷயம் முழுக்கச் சரி. நான் எளிமைக்காக எல்லாக் காலத்துக்கும் ஒரே யீல்டு என்று தட்டையாக வைத்தேன். ஆனால் அந்த 8.35-ஐயும் எதிர்பார்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காலத்துக்குக் காலம் யீல்டு மாறும் அந்த வளைவு நாலு வருடம் அசையாமல் நிற்கும் என்பதும் ஓர் ஊகம்தான்.

இரண்டாவதில் நான் இன்னும் என் பக்கம்தான். கூப்பன்கள் வளர்வது பல வருடங்களின் சராசரி வட்டியில். விற்பது ஒரே ஒரு நாளின் யீல்டில். சராசரி மெதுவாக நகரும், ஒரு நாளின் யீல்டு குதிக்கும். இரண்டும் சேர்ந்து நகரும் என்று நம்பினால் கடைசி மாதத்தில் கை சுடும். எனக்குச் சுட்டிருக்கிறது.

எட்டாம்படி, மார்ச் 6, இரவு 8.05

கடைசி மாதத்துக்குச் சரி. நாலு வருடத்துக்குச் சேர்த்துப் பார்த்தால் நான் சொன்னதுதான். இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை.

வரவுசெலவு, மார்ச் 8, காலை 10.20

இரண்டு நாளாக இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மூலைக் கட்டங்களுக்கு எவ்வளவு எடை என்று எனக்குத் தெரியாது. ஆனால் பணம் ஒரு குறிப்பிட்ட நாளில் வேண்டியவனுக்கு, அந்த மூலை வந்தால் தாங்குமா என்பதே கேள்வி. எனக்குத் தாங்கவில்லை. குறைந்த தொகைக்கு மீதியைக் கடன் வாங்கி ஈடுகட்டினேன். அதனால் இந்த விவாதத்தில் என் சாய்வு தராசின் பக்கம்.

இன்னொன்று. விற்ற அன்று திரையில் ஓடிய விலை ஒன்று, எனக்குச் சொன்ன விலை ஒன்று. 912.89 என்பது கையில் வந்தது, திரையில் அதைவிடச் சற்று மேலே இருந்தது. வாங்க ஆள் குறைவான பாண்டு. இதைக் கட்டத்தில் சேர்த்துப் பார்த்தேன். எல்லாம் 8-லேயே இருந்து, விற்கும்போது 1,000-க்குப் பதில் 985 கிடைத்தால் நாலு வருடத்துக்கு 7.70. ஆண்டுக்கு 0.30 போகிறது. ஒரே வருடத்தில் விற்றால் 6.50. அதே 15, ஆனால் ஒரு வருடத்தின் தலையில் முழுதாக விழுகிறது. குறுகிய காலத்தில் விற்கக்கூடும் என்று தெரிந்தால், யீல்டு எங்கே போகும் என்பதற்கு முன்னால், யார் வாங்குவார்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

புதுவரவு, மார்ச் 8, மதியம் 2.00

நான் விற்கப்போவது கூப்பன் தேதியில் இல்லை, மூன்று மாதம் தள்ளி. அந்த மூன்று மாத வட்டி போய்விடுமா?

தராசு, மார்ச் 8, மதியம் 2.35

போகாது. 80-ல் கால் பங்கு, ஏறக்குறைய 20, வாங்குபவர் விலையோடு சேர்த்துத் தருவார். விலை சொல்லும்போது அது சேர்த்தா, சேர்க்காமலா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சேர்த்த விலையை வெறும் விலை என்று எண்ணிக் கணக்குப் போட்டால் யீல்டு பொய்யாகக் கூடித் தெரியும்.

புதுவரவு, மார்ச் 9, இரவு 9.15

விலை கேட்பதற்காகப் பாண்டின் ஆவணத்தை எடுத்துப் படித்தேன். நாலாம் வருட முடிவிலிருந்து வெளியிட்டவர் எப்போது வேண்டுமானாலும் முகமதிப்புக்குத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்கிறது. இதற்கு அந்த ஒன்பது கட்டம் பொருந்துமா?

வரவுசெலவு, மார்ச் 9, இரவு 10.40

பொருந்தாது என்றுதான் தோன்றுகிறது. யீல்டு 6-க்கு இறங்கினால் என் கட்டம் 1,098 விலை காட்டுகிறது. ஆனால் அவர் 1,000 கொடுத்து எடுத்துக்கொள்ள முடிகிற பாண்டுக்கு யார் 1,098 தருவார்? 1,000 என்று போட்டேன், மறுமுதலீடு 6. 9.70 இருந்த இடத்தில் 7.79 வருகிறது. 10-க்கு ஏறினால் அவர் திரும்ப வாங்கமாட்டார், அங்கே 6.45 அப்படியே நிற்கிறது. மேல்பக்கம் வெட்டுப்பட்டது, கீழ்ப்பக்கம் முழுசாக இருக்கிறது.

இந்த உரிமையைக் கொடுத்ததற்காக வாங்கும்போது உங்களுக்கு எவ்வளவு கூடுதல் கூப்பன் தந்தார்கள்? அதே வெளியீட்டாளரின் சாதாரணப் பாண்டு அன்று என்ன யீல்டில் இருந்தது என்று தெரிந்தால் போடுங்கள். தராசு, இந்த டியூரேஷனை எப்படி எடுப்பது?

தராசு, மார்ச் 10, காலை 6.10

ஒரு எண்ணாக எடுக்க முடியாது. யீல்டு இறங்கினால் நாலு வருடப் பாண்டு மாதிரி நடக்கும், ஏறினால் பத்து வருடப் பாண்டு மாதிரி நடக்கும். அவருடைய கூப்பனையும் மற்றப் பாண்டின் யீல்டையும் பார்த்துவிட்டு மாலையில் எழுதுகிறேன்.